நகைச்சீட்டு போடுறதுக்கு முன்னாடி இத மட்டும் பாருங்க

2023-ல திருச்சி பிரணவ் ஜூவல்லர்ஸ் கிளைகள மூடினப்போ பணம் போட்டவங்க கடை வாசல்ல நின்னத மறந்துடாதீங்க. ஷோரூம் பளபளப்பு, விளம்பரத்துல வர்ற நடிகர் இதெல்லாம் கடையோட நிலைமைய சொல்லாது.

சீட்டு ஏன் 11 மாசம்னு யோசிச்சிருக்கீங்களா, கம்பெனி சட்ட விதிப்படி பொருளுக்கு வாங்குற அட்வான்ஸ 365 நாளுக்குள்ள பொருளா குடுத்து முடிக்கணும், தாண்டினா அது டெபாசிட் ஆயிடும். அதனால 18 மாசம், 24 மாசம்னு இழுத்தா, இல்ல மொத்தமா 5 லட்சம் போடுங்க மாசாமாசம் வட்டி தரோம்னு சொன்னா அது நகைச்சீட்டே இல்ல, எழுந்து வந்துடுங்க.

அடுத்து ரசீதுல எந்த பேர் இருக்குன்னு பாருங்க. போர்டுல ஒரு பேர், ரசீதுல வேற பேர் இருக்கும், நமக்கு ரசீது பேர்தான் முக்கியம். பிரைவேட் லிமிடெட்னா அந்த பேர mca.gov.in-ல தேடி கடைசி பேலன்ஸ் ஷீட் எந்த வருஷம்னு பாருங்க, ரெண்டு மூணு வருஷமா தாக்கல் பண்ணலன்னா நான் ஒரு ரூபா கூட கட்ட மாட்டேன். தனிநபர் கடைன்னா இந்த கணக்கு அங்க கிடைக்காது, அப்போ சீட்டு முடிஞ்சவங்க ரெண்டு பேர்கிட்ட நகை அன்னைக்கே கிடைச்சுதா, இல்ல அடுத்த வாரம் வாங்கன்னு அலைய விட்டாங்களான்னு கேளுங்க. தள்ளிப்போட ஆரம்பிச்சிருந்தா அங்க பணம் சுருங்குதுன்னு நெனச்சுக்கோங்க.