'ம்கக்ணவ': எழுத்துப் பிழையா, விளையாட்டா?
இப்படி ஒரு சொல் கண்ணில் பட்டால் முதல் எழுத்தைப் பாருங்கள். தமிழ்ச் சொல் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காது. ஆகவே கடைசியிலிருந்து எழுத்தெழுத்தாக வாசியுங்கள்: வ, ண, க், க, ம். வணக்கம்! வரியின் முற்றுப்புள்ளி முதலிலேயே வந்தால் சந்தேகமே வேண்டாம், விளையாட்டுதான். எழுத்துரு கெட்டுப்போயிருந்தால் கட்டங்களும் கேள்விக்குறிகளும் வரும். இங்கே எல்லா எழுத்தும் முழுசாக இருக்கும்.

நீங்களே எழுதும்போது உயிர்மெய்யைப் பிரிக்காதீர்கள். 'கா' ஓரெழுத்து. சில மென்பொருள்கள் துணைக்காலையும் புள்ளியையும் தனி எழுத்தாக எண்ணித் திருப்பும். அப்போது வணக்கம் '்மக்கணவ' ஆகிவிடும். தொடக்கத்தில் புள்ளி அநாதையாக நிற்கும், திரையில் அதனடியில் பெரும்பாலும் புள்ளிகளாலான வட்டம் தெரியும். இதை எழுத்தெழுத்தாகத் திருப்பி வாசித்தால் 'வணகக்ம்' என்றுதான் வரும். 'விகடகவி' போன்ற சொற்கள் கையால் திருப்பினாலும் அப்படியே இருக்கும்.

எழுத்துகளின் வடிவமே இடம்வலம் மாறியிருந்தால் அது கண்ணாடி எழுத்து. தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் பின்பக்கத்தில் நேராகத் தெரியும்.