சிறுநீரக நோயாளிக்கு கேடோலினியம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்ஆர்ஐ பிரிவுக்குப் புதிதாக வரும் மருத்துவர்கள் பேஸ்மேக்கர், அலர்ஜி எல்லாம் தவறாமல் விசாரிக்கிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். தடுமாறுவது, சிறுநீரகம் வெகுவாகக் கெட்டவருக்குக் கேடோலினியம் கலந்த காண்ட்ராஸ்ட் மருந்து போடும்போதுதான்.

எல்லா கேடோலினியத்தையும் ஒன்றாக நினைப்பது

இன்றும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர், 60 கிலோ எடை. கழுத்தில் டயாலிசிஸ் குழாய், காய்ச்சல், தாங்க முடியாத முதுகுவலி. முதுகுத்தண்டில் சீழ் இருக்குமோ என்று காண்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ கேட்டிருந்தார்கள். படிவத்தின் மேல் பயிற்சி மருத்துவர், "கிரியாட்டினின் 8. கேடோலினியம் கூடாது" என்று எழுதிவிட்டார். காண்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்த படத்தில் வட்டு வீங்கியிருந்தது தெரிந்தது, சீழ் திரண்டிருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு நாளில் கால்கள் மரத்துப் பலம் குறைந்தன. அப்புறம்தான் கேடோபியூட்ரால் என்ற கேடோலினியம் மருந்தைப் போட்டு எடுத்தோம். தண்டுவட உறையை ஒட்டிச் சீழ் நன்றாகத் தெரிந்தது. அறுவை சிகிச்சை நடந்தும் காலின் பலம் முழுசாகத் திரும்பவில்லை.

அந்த மருத்துவர் பயந்தது நெஃப்ரோஜெனிக் சிஸ்டமிக் ஃபைப்ரோசிஸ், அதாவது என்எஸ்எஃப் வந்துவிடும் என்று. பயம் நியாயமானதுதான். பெரும்பாலும் கால்களில் தொடங்கித் தோல் தடித்து இறுகும், மூட்டுகள் மடங்கியபடியே நின்றுவிடும், சிலருக்கு உள்ளுறுப்புகளையும் பிடிக்கும். நிரூபிக்கப்பட்ட சிகிச்சை கிடையாது. 1997-இல் முதலில் கவனிக்கப்பட்ட இந்த நோய்க்கும் கேடோலினியத்துக்கும் உள்ள தொடர்பை 2006-இல் ஆஸ்திரிய மருத்துவர் தாமஸ் குரோப்னர் சுட்டிக்காட்டினார்.

ஆனால் நோயைக் கொண்டுவந்தவை பெரும்பாலும் மூன்று மருந்துகள்: கேடோடயமைடு, கேடோபென்டெடேட், கேடோவெர்செடமைடு. கேடோலினியம் அயனி தனியாக இருந்தால் நச்சு. அதனால்தான் வேறொரு மூலக்கூறு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. இந்த மூன்றிலும் அது திறந்த சங்கிலி வடிவம். சிறுநீரகம் சரியாக இருந்தால் மருந்தில் பாதி ஒன்றரை மணி நேரத்தில் வெளியேறிவிடும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அதே பாதி வெளியேற ஒரு நாளுக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் உடலில் சுற்றும்போது சங்கிலியிலிருந்து அயனி கழன்று திசுக்களில் படிகிறது. கேடோபியூட்ரால், கேடோடெரேட், கேடோடெரிடால் ஆகியவற்றில் அயனியைச் சுற்றி மூடிய கூண்டு இருப்பதால் எளிதில் கழலாது. கூண்டு வகை உட்பட, பாதுகாப்பானவை என்று தொகுத்த இரண்டாம் குழு மருந்துகளைப் பற்றி 2020-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், சிறுநீரக நோயின் 4, 5-ஆம் நிலையில் இருந்த ஏறக்குறைய 4,900 பேரில் ஒருவருக்குக்கூட என்எஸ்எஃப் வரவில்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "கேடோலினியம் போடலாமா?" அல்ல. "எங்கள் அலமாரியில் இருப்பது எது?" அந்த மூன்றில் ஒன்றானால் இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழ் உள்ளவருக்கோ திடீரெனச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கோ போடவே கூடாது. கூண்டு வகையானால், நோயறிய அது தேவை என்றால் போடுங்கள்.

மில்லிலிட்டரை மனப்பாடம் செய்வது

கிலோவுக்கு 0.1 மில்லிமோல்தான் அளவு. கேடோடெரேட் ஒரு மில்லிலிட்டரில் 0.5 மில்லிமோல் இருப்பதால் 60 கிலோவுக்கு 12 மி.லி. கேடோபியூட்ரால் அதைவிட இருமடங்கு செறிவானது, 6 மி.லி. போதும். பழக்கதோஷத்தில் 12 மி.லி. ஏற்றினால் இருமடங்கு மருந்து போய்விடும். என்எஸ்எஃப் வந்தவர்களில் பலர் அதிக அளவில் அல்லது திரும்பத் திரும்ப மருந்து பெற்றவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ஏறிக்கொண்டிருக்கும் கிரியாட்டினினை நம்புவது

நேற்று 0.9, இன்று 2.1. ஐம்பது வயது ஆணுக்குச் சூத்திரம் தரும் இஜிஎஃப்ஆர் 40-க்குச் சற்றுக் கீழே. 30-க்கு மேல்தானே என்று விட்டுவிடுகிறார்கள். சிறுநீரே போகவில்லை என்றால் உண்மையான வடிகட்டல் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். கிரியாட்டினின் நிலைத்து நின்றால்தான் அந்தச் சூத்திரம் பொருந்தும்.

டயாலிசிஸ் நேரம்

வழக்கமான ஹீமோடயாலிசிஸுக்குச் சற்று முன்பு எம்ஆர்ஐ வையுங்கள். ஒரு முறையிலேயே பெரும்பகுதி வெளியேறிவிடும்; ஆனால் அது என்எஸ்எஃப்பைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. அதனால் டயாலிசிஸ் இல்லாதவருக்கு இதற்காகவே அதைத் தொடங்காதீர்கள்.

பெரிட்டோனியல் டயாலிசிஸ்

கேடோலினியத்தை வெளியேற்ற அதை நம்ப வேண்டாம்.

"காண்ட்ராஸ்ட் கொடுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதுவது

தோல் இறுகத் தொடங்குவது சில நாட்களிலும் இருக்கலாம், பல மாதங்கள் கழித்தும் இருக்கலாம். அப்போது நோயாளி வேறு மருத்துவரிடம் இருப்பார். மருந்தின் பெயர், மி.லி. அளவு, தேதி மூன்றையும் ரிப்போர்ட்டிலேயே எழுதுங்கள். காலில் தோல் தடித்தாலோ முழங்கால் நீட்ட வராவிட்டாலோ உடனே காட்டச் சொல்லி அந்த ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுங்கள்.