மெட்டா டிஸ்கிரிப்ஷன்: இடத்தை உயர்த்தாது, கிளிக்கை உயர்த்தும். தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் இணையப் பக்கத்தைப் பற்றி அதன் நிரலில் நாம் எழுதிவைக்கும் இரண்டு வரி விவரிப்புதான் மெட்டா டிஸ்கிரிப்ஷன். அதில் எழுதுவதைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அப்படியும் அதில் தேடுசொற்களைக் கொட்டி நிரப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த இரண்டு வரியின் வேலை வேறு. தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே நின்று, மேலும் கீழும் இருக்கும் மற்ற கடைகளை விட்டுவிட்டு இதைத் தொடலாமா என்று ஒருவர் முடிவெடுக்க உதவுவதுதான் அதன் வேலை. இடம் நான்காவதாகவே இருந்தாலும், அந்த இடத்தில் நூறு பேர் பார்த்தால் எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்பது மாறும்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் கல்யாண மாலைப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது: "பூமாலை, கல்யாண மாலை, மாலைக் கடை, பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை, சிறந்த மாலை, மலிவான மாலை. தரமான சேவையே எங்கள் தாரக மந்திரம்." மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் அம்மா இதைப் படித்தால் என்ன தெரியும்? மாலை விற்கிறார்கள் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிட்டது. அவருக்கு வேண்டியது விலை, எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், மண்டபத்துக்குக் கொண்டுவந்து தருவார்களா என்ற மூன்றும்தான். அதை இப்படி மாற்றலாம்: "கல்யாண மாலை ஜோடி 180 வெள்ளி முதல். மல்லிகை, ரோஜா, சம்பங்கி. மூன்று நாள் முன்பு சொன்னால் போதும். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் மண்டபத்துக்கே கொண்டுவந்து தருகிறோம்." இதிலும் "கல்யாண மாலை" இருக்கிறது. தரவரிசைக்காக அல்ல, தேடியவர் தட்டச்சு செய்த சொல் விவரிப்பில் இருந்தால் கூகுள் அதைப் பெரும்பாலும் தடித்த எழுத்தில் காட்டும், கண் அங்கே போகும்.

விலையைப் போட்டால் ஒரு பொறுப்பும் சேர்ந்து வருகிறது. பூ விலை ஏறி, பக்கத்தில் 220 வெள்ளி என்று மாற்றிவிட்டு விவரிப்பில் 180-ஐ அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடப்பது. கிளிக் வரும், வந்தவர் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். விலையை மாற்றும்போதெல்லாம் விவரிப்பையும் திறந்து பார்க்க முடியாதவர்கள் விலையைப் போடாமல், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதையும் மண்டப விநியோகத்தையும் மட்டும் எழுதுவது நல்லது.

நீளத்துக்குக் கூகுள் எந்த எழுத்து எண்ணிக்கையும் விதிக்கவில்லை. திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறது. 2017 டிசம்பரில் விவரிப்புகள் சட்டென்று நீண்டு 300 எழுத்தைத் தாண்டிக் காட்டப்பட்டன. 2018 மே மாதத்தில் மறுபடி சுருங்கின. நடுவில் எல்லாப் பக்கத்தையும் நீட்டி எழுதியவர்களின் உழைப்பு வீணானது. தமிழுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எழுத்து எண்ணும் கருவிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. "கொ" என்பதை இரண்டாக எண்ணும், ஆனால் தமிழ் எழுத்துகள் திரையில் பிடிக்கும் அகலத்தை அறியாது. அதனால் கருவியில் எரியும் பச்சை விளக்கை நம்பாமல், முடிவெடுக்க வைக்கும் செய்தியை முதல் பத்துப் பன்னிரண்டு சொல்லுக்குள் வைத்துவிடுங்கள். பின்னால் வெட்டுப்பட்டாலும் நட்டமில்லை.

பலரும் தடுமாறுவது அடுத்த இடத்தில்தான்: நாம் எழுதியதைத்தான் கூகுள் காட்டும் என்று நினைப்பது. தேடலுக்குத் தேடல் விவரிப்பு மாறும். நாம் எழுதியது அந்தத் தேடலுக்குப் பொருந்தவில்லை என்று பட்டால், பக்கத்தின் உள்ளேயிருந்து வேறொரு துண்டை எடுத்துப் போடும். மலேசியாவில் இது இன்னும் கூடுதலாக நடக்கலாம், ஏனென்றால் ஒரே கல்யாண வீட்டில் அம்மா "கல்யாண மாலை" என்றும், மகள் `wedding garland brickfields` என்றும், தம்பி `kalyana maalai kl` என்றும் தேடுவார்கள். விவரிப்பு தமிழில் மட்டும் இருந்தால், மகளுடைய தேடலுக்குப் பக்கத்தில் எங்கேயோ கிடக்கும் ஆங்கில வரி மேலே வந்துவிடும். அது பெரும்பாலும் அடிப்பகுதியில் உள்ள முகவரியாகவோ, பணம் திருப்பித் தருவது பற்றிய நிபந்தனையாகவோ இருக்கும்.

இதற்கு மருந்து என்று மூன்று மொழியையும் ஒரே விவரிப்பில் திணிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் எந்த மொழியும் முழுதாக நிற்காது. மொழிக்கொரு பக்கம், அதற்குத் தனி முகவரி, தனி விவரிப்பு, எந்தப் பக்கம் எந்த மொழிக்கு என்று கூகுளுக்குச் சொல்லி, பக்கங்களை ஒன்றோடொன்று இணைக்க `hreflang` குறிப்பு. இதுதான் சரியான வழி. அவ்வளவு வேலைக்கு ஆளில்லை என்றால், பக்கத்தின் மேல்பகுதியிலேயே ஆங்கிலத்தில் ஒரு சிறு பத்தியில் விலை, நாள், விநியோகம் மூன்றையும் சொல்லிவிடுங்கள். எடுக்க வேண்டுமென்றால் கூகுள் அதை எடுக்கட்டும். நிபந்தனைப் பகுதியைச் சுற்றியுள்ள `div`-இல் `data-nosnippet` சேர்த்தால் அங்கிருந்து துண்டு எடுக்கப்படாது.

ஒரு சின்ன எழுத்துப் பிழையும் விவரிப்பையே விழுங்கிவிடும்:

```html
<meta name="description" content="எங்கள் "ராஜ மாலை" ஜோடி 180 வெள்ளி முதல்">
```

இரட்டை மேற்கோள் குறி வந்ததுமே `content` முடிந்துவிட்டதாகக் கொள்ளப்படும். கூகுளுக்குக் கிடைப்பது "எங்கள்" மட்டும். உள்ளே மேற்கோள் வேண்டாம், வேண்டுமென்றால் `&quot;` போடுங்கள். தளத்தின் தீம் ஒன்று, செருகுநிரல் ஒன்று என்று இரண்டு விவரிப்புகள் எழுதப்படுவதும் உண்டு. பக்கத்தின் மூலநிரலைத் திறந்து `name="description"` என்று தேடுங்கள். ஒரு முறைதான் வர வேண்டும்.

இனி அளப்பது. மாற்றியது பலித்ததா என்று பார்க்கத் தரவரிசையைப் பார்ப்பவர்கள் தவறான இடத்தைப் பார்க்கிறார்கள். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் கருவியான செர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் அந்த ஒரு பக்கத்தை வடிகட்டி, பிறகு ஒரே ஒரு தேடலைத் தேர்ந்தெடுங்கள். கடையின் பெயரைத் தேடியவர்களை விட்டுவிடுங்கள்; அவர்கள் எப்படியும் தொடுவார்கள். உதாரணக் கணக்கு ஒன்று: "கல்யாண மாலை" தேடலில் முந்தைய 28 நாளில் 1,400 முறை தோன்றி 28 கிளிக், சராசரி இடம் 4.6. மாற்றிய பிறகு 28 நாளில் 1,500 முறை தோன்றி 54 கிளிக், இடம் 4.5. தோன்றியதில் எத்தனை கிளிக் என்ற விகிதம் 2 சதவிகிதத்திலிருந்து 3.6 ஆகியிருக்கிறது, இடமோ ஏறத்தாழ அப்படியே. இந்த உயர்வை விவரிப்பின் கணக்கில் எழுதலாம். இடம் 4.6-லிருந்து 2.8-க்கு வந்திருந்தால் எழுத முடியாது. மேலே போனாலே கிளிக் கூடும்.

பக்கத்தின் மொத்த விகிதத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அதே மாதம் "மண்டப அலங்காரம்" என்ற தேடலில் முப்பதாவது இடத்தில் பக்கம் தோன்றத் தொடங்கி, 2,500 தோற்றமும் இரண்டே கிளிக்கும் சேர்ந்தால், மொத்தம் 4,000-க்கு 56, அதாவது 1.4 சதவிகிதம். நல்ல விவரிப்பு தோற்றுப்போனதாகத் தெரியும், யாராவது அதைப் பழையபடி மாற்றியும் விடுவார்கள்.

எந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். விவரிப்பைத் திருத்திய நாளிலிருந்து எண்ணக் கூடாது. புதியது தேடல் முடிவில் தெரிய சில நாள் முதல் சில வாரம் வரை ஆகலாம். தெரிந்த நாளிலிருந்து எண்ணுங்கள். மாலைக் கடைக்கு ஆடி மாதத்தையும் ஆவணியையும் ஒப்பிடக் கூடாது. ஆடியில் தேடுபவர்களில் பலர் சும்மா விலை விசாரிப்பவர்கள்; ஆவணியில் தேடுபவர் கையில் முகூர்த்த நாள் இருக்கிறது. விவரிப்பில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாவிட்டாலும் விகிதம் ஏறும். முந்தைய ஆண்டின் ஆவணியோடு வைத்துப் பாருங்கள். செர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கிறது. மாதத்துக்கு மூன்று கிளிக் ஐந்தானது என்றால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம், இன்னும் இரண்டு மாதம் விட்டுப் பாருங்கள்.