அழைப்பு எடுக்கும் கியூஆர் கோட்: கடைப் போஸ்டரில் நடக்கும் தவறுகள்

செங்கலடியில் தண்ணீர்ப் பம்பு திருத்தும் கடை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறுபோகக் காலத்தில் கடைக்காரர் பாதி நாள் கரடியனாறுப் பக்கம் யாரோ ஒருவரின் வயலில்தான் நிற்பார். பழுதான பம்பை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறவர், பூட்டிய கடையைப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விடுவார். கதவுக்குப் பக்கத்தில் ஒரு போஸ்டர் இருந்து, அதை ஸ்கேன் பண்ணியவுடன் கடைக்காரரின் இலக்கம் போனில் வந்து நின்றால், அவர் ஒரு கோல் எடுத்துப் பார்ப்பார். இதற்குத் தேவையான கியூஆர் கோட்டைச் செய்ய 5 நிமிடமும் போதும், காசும் செலவில்லை. ஆனால் பிழையாகச் செய்துவிட்டால் போஸ்டரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாக் கோட்டும் கண்ணுக்கு ஒரே மாதிரித்தான் தெரியும்.

முதலில் அந்தக் கோட்டுக்குள் என்ன இருக்க வேண்டும் என்று பார்ப்போம். இந்த ஒரு வரிதான்:

```
tel:+9477XXXXXXX
```

X உள்ள இடத்தில் உங்கள் இலக்கத்தின் மிச்சம் வரும். முன்னால் இருக்கும் `tel:` என்பதைப் பார்த்துத்தான், இது அழைப்பதற்கான இலக்கம் என்று போன் விளங்கிக்கொள்கிறது. பலர் இதை விட்டுவிட்டு, கோட் செய்து தரும் தளத்தில் `Text` என்ற பெட்டிக்குள் 077 என்று தொடங்கி இலக்கத்தை மட்டும் அடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பல போன்களுக்கு அது வெறும் எழுத்து. ஒரு போன் நகலெடுக்கவா என்று கேட்கும், இன்னொன்று இணையத்தில் தேடப் போய்விடும். `Contact` அல்லது `vCard` என்பதைத் தெரிவுசெய்வதும் இதற்குப் பொருந்தாது. அது பெயர், முகவரியோடு இலக்கத்தைப் போனில் சேமிக்கச் சொல்லும். பம்போடு நிற்கிறவருக்கு இலக்கத்தைச் சேமிப்பதில் அக்கறை இல்லை, பேசவேண்டும். ஆகவே `Phone` அல்லது `Call` என்று இருப்பதைத்தான் அழுத்த வேண்டும்.

அடுத்த தவறுதான் நம் பக்கத்தில் அதிகம் நடக்கக்கூடியது. சைபர். நாம் இலக்கத்தை எப்போதும் 077, 071, 065 என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். உள்நாட்டில் அழைக்கும்போது மட்டும்தான் அந்த முதல் சைபர் வேண்டும். +94 போட்டால் சைபர் போய்விட வேண்டும். பல தளங்களில் நாட்டைத் தெரிவுசெய்ய ஒரு பட்டியல் இருக்கும். அதில் இலங்கையைத் தொட்டவுடன் +94 தானாக வந்துவிடும். பக்கத்துப் பெட்டியில் பழக்கத்தில் 077 என்று அடித்தால், கோட்டுக்குள் போவது +94077 என்று தொடங்கும் இலக்கம். அது சரியாகப் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. எண்ணிப் பார்த்தால் பிழை தெரிந்துவிடும்: +94க்குப் பிறகு சரியாக 9 இலக்கங்கள் இருக்க வேண்டும், 10 இருந்தால் சைபர் உள்ளே நிற்கிறது. பட்டியலில் இலங்கையைத் தொட மறந்து, அந்தத் தளத்தின் சொந்த நாட்டுக் குறியீடே ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரைவழித் தொலைபேசி வைத்திருக்கிற கடைகளுக்கும் இதே கணக்குத்தான். பழைய பெயர்ப்பலகைகளில் 222 என்று தொடங்கும் 7 இலக்கம் மட்டும் எழுதியிருப்பார்கள், மட்டக்களப்புக்கான 065 ஊருக்குள் எல்லாருக்கும் தெரியும் என்பதால். கோட்டுக்குள் அப்படி விடக்கூடாது. மட்டக்களப்பு என்றால் +9465, அம்பாறை என்றால் +9463, கல்முனை என்றால் +9467 என்று தொடங்க வேண்டும்.

உள்ளூர் ஆட்கள்தானே அழைக்கப் போகிறார்கள், +94 எதற்கு என்று கேட்கலாம். சைபரோடு `tel:077XXXXXXX` என்று போட்டாலும் இலங்கை சிம்மில் வேலை செய்யும், உண்மைதான். ஆனால் கட்டாரிலிருந்து லீவில் வந்தவர் அந்த நாட்டு சிம்மோடுதான் நிற்பார். அறுகம்பையில் அறை வாடகைக்கு விடுகிறவருக்கோ, வருகிறவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டு சிம். போஸ்டரைப் படம் எடுத்துக் கனடாவில் இருக்கும் தம்பிக்கு அனுப்புகிறவரும் இருப்பார். +94 இருந்தால் எல்லாருக்கும் சரிவரும்.

இப்போது பணத்தையும் போஸ்டரையும் சேர்த்து வீணாக்கும் தவறுக்கு வருவோம். இலவசம் என்று சொல்லும் சில தளங்கள் உங்கள் இலக்கத்தைக் கோட்டுக்குள் போடுவதே இல்லை. தங்கள் தளத்தின் சுருக்க முகவரி ஒன்றைப் போட்டுவிட்டு, ஸ்கேன் பண்ணுகிறவரை அந்தத் தளத்தின் வழியாக இலக்கத்துக்குத் திருப்பி விடுவார்கள். இதை அவர்கள் `Dynamic` என்பார்கள். இலக்கத்தைப் பிறகு மாற்றலாம், எத்தனை பேர் ஸ்கேன் பண்ணினார்கள் என்று பார்க்கலாம் என்பது அதிலுள்ள வசதி. ஆனால் இலவசக் காலம் முடிந்ததும் பணம் கட்டாவிட்டால், சுவரில் இருக்கும் கோட் செத்துப்போகலாம். டேட்டா இல்லாத போனிலும் அது வேலை செய்யாது. நமக்கு வேண்டியது `Static`. இலக்கம் அந்தக் கறுப்புக் கட்டங்களுக்குள்ளேயே இருக்கும், அதற்குக் காலாவதி கிடையாது, நடுவில் எந்தத் தளமும் இல்லை.

இரண்டையும் பிரித்தறிவது லேசு. போன் கேமராவைக் கோட்டின் மேல் பிடித்ததும் திரையில் சிறிதாக ஒரு வரி வரும். அதில் உங்கள் இலக்கம் தெரிந்தால் சரி. ஏதாவது இணையத்தள முகவரி தெரிந்தால் அந்தக் கோட்டை அச்சடிக்கக் கொடுக்காதீர்கள். அச்சகத்தில் செய்து தந்த கோட்டையும் இப்படிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கணினியில் லினக்ஸ் பாவிக்கிறவர்களுக்கு எந்தத் தளமும் தேவையில்லை. `qrencode` என்ற சின்ன மென்பொருள் போதும்:

```
qrencode -8 -t SVG -l Q -m 4 -o kadai.svg "tel:+9477XXXXXXX"
```

இதில் `-l Q` என்பது, கோட்டில் கொஞ்சம் அழுக்கோ கீறலோ பட்டாலும் வாசிக்க முடிகிற அளவு. L, M, Q, H என்று 4 படிகள் உண்டு. Q இருந்தால் ஏறத்தாழ 25 வீதம் வரை சேதம் தாங்கும். நம் வரி மொத்தம் 16 எழுத்துத்தான் என்பதால், M போட்டாலும் Q போட்டாலும் கோட் பக்கத்துக்கு 25 கட்டமாகவே வரும். ஆகவே Q போடுவதில் நட்டமே இல்லை. H போட்டால் 29 கட்டமாகி, அதே இடத்துக்குள் கட்டங்கள் சிறுத்துவிடும். கடைச் சின்னத்தை நடுவில் வைக்கும் ஆசைக்காக அதையெல்லாம் செய்ய வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். சின்னத்தைக் கோட்டுக்கு மேலே பெரிதாகப் போடலாமே.

`-m 4` என்பது சுற்றிவர விடவேண்டிய வெள்ளை ஓரம், 4 கட்ட அகலம். அச்சகத்தில் இடம் காணாது என்று இந்த ஓரத்தை வெட்டிவிட்டு, கோட்டைச் சிவப்புப் பின்னணிக்குள் ஒட்டிவிடுவார்கள். கோட் எங்கே தொடங்குகிறது என்று கேமராவுக்குப் பிடிபடாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். கறுப்பு மேல் வெள்ளையாகத் திருப்பிப் போடுவதும் மஞ்சள், வெளிர்நீலம் போடுவதும் அழகாக இருக்கலாம், சில போன்கள் வாசிக்காது.

கோப்பை அச்சகத்துக்கு வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி ஓரங்கள் மங்கிப்போகும். `Document` ஆக அனுப்புங்கள், SVG அல்லது PDF ஆக இருந்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கட்டங்கள் கூராகவே இருக்கும். நீட்டவோ சப்பையாக்கவோ வேண்டாம், சதுரம் சதுரமாகவே இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அளவுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் பண்ணுவார்களோ, அதில் பத்தில் ஒரு பங்கு. நம் பம்புக் கடைக்கு வருகிறவர் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்காமல் ஒன்றரை மீற்றரில் நிற்பார் என்றால், கோட் 15 சென்ரிமீற்றர் வேண்டும். ஓரத்தோடு சேர்த்தால் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். A4 தாளின் அகலம் 21 என்பதால் மட்டுமட்டாக அடங்கும்.

ஒட்டும் இடத்தில் ஒரு தவறு நடக்கும், அதைக் கிட்டப் பார்த்தால்தான் விளங்கும். கடை பூட்டியிருக்கும்போது பார்க்க வேண்டிய போஸ்டர் என்பதால் நேராக ஷட்டரிலேயே ஒட்டுவார்கள். ஷட்டரின் தகடு அலை அலையாக இருக்கும். தாள் அந்த மடிப்புகளுக்குள் இறங்கியதும் கட்டங்களின் வரிசை வளைந்துவிடும், பக்கவாட்டில் வெயில் விழுந்தால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு நிழல்கோடு போடும். நாலைந்து நாள் ஏற்றி இறக்க, தாளும் மடிந்து கிழியும். பக்கத்துத் தூணிலோ, தட்டையான பலகையிலோ நெஞ்சு உயரத்தில் ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை. லெமினேட் பண்ணுவதென்றால் பளபளப்பில்லாத தாளைக் கேளுங்கள். பளபளப்பான தாளில் மத்தியான வெயில் தெறித்துக் கோட்டின் ஒரு மூலையே மறைந்துபோகும்.

கோட்டுக்குக் கீழே என்ன எழுதுவது? வெறும் கோட்டை விட்டால், கவுன்டரில் பார்த்துப் பழகிய லங்காகியூஆர் என்று நினைத்துச் சிலர் வங்கிச் செயலியைத் திறப்பார்கள். அது இந்தக் கோட்டை ஏற்காது. அதனால் “கடை பூட்டியிருந்தால் அழையுங்கள். போன் கேமராவைக் காட்டி, வரும் இலக்கத்தைத் தொட்டு, அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள்” என்று எழுதலாம். கடைசி வாசகம் முக்கியம். ஸ்கேன் பண்ணியதும் போன் தானாகக் கோல் எடுக்காது, ஆளின் சம்மதத்துக்காக இலக்கத்தோடு நிற்கும். அது தெரியாதவர் வேலை செய்யவில்லை என்று போனை மடித்துவிடுவார். அப்புறம் இலக்கத்தையும் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள், பட்டன் போன் வைத்திருக்கிறவர் பார்த்து அடிக்கட்டும்.

வட்ஸ்அப்பில் அழைப்பு வேண்டும் என்கிறவர்கள் `tel:` கோட்டை எதிர்பார்க்கக் கூடாது. அது சாதாரணக் கோல் மட்டும்தான், அழைக்கிறவரின் கணக்கில்தான் காசும் போகும். வட்ஸ்அப் அரட்டையைத் திறக்க `https://wa.me/9477XXXXXXX` என்று இன்னொரு கோட் வேண்டும், அதில் + அடையாளமும் வராது. ஒரே போஸ்டரில் இரண்டையும் போட்டால் ஒரு கையகல இடைவெளியாவது விடுங்கள், இல்லாவிட்டால் கேமரா எதைப் பிடிப்பது என்று தடுமாறும்.

எந்த இலக்கத்தைப் போடுவது என்பதையும் அச்சடிக்க முதல் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அச்சடித்த பிறகு மாற்ற வழியில்லை. கடையில் வேலை செய்யும் பையனின் இலக்கத்தைப் போட்டால், அவன் வேலையை விட்டுப் போகும்போது போஸ்டரும் அவனோடு போய்விடும். முதலாளியின் பெயரில் உள்ள, கடைக்கென்றே வைத்திருக்கும் சிம்தான் நல்லது.

எல்லாம் சரி என்று தோன்றினால், ஒரே ஒரு தாளை அச்சடித்து ஒட்டவேண்டிய இடத்திலேயே ஒட்டிப் பாருங்கள். ஒரு ஆண்ட்ரொய்ட், ஒரு ஐபோன், இரண்டிலும் ஸ்கேன் பண்ணுங்கள். இலக்கம் வந்ததோடு நிறுத்தாமல் அழைப்புப் பொத்தானையும் அழுத்தி, கடைப் போனில் மணி அடிக்கிறதா என்று கேளுங்கள். சைபர் பிழை பிடிபடுவது அந்த மணியில்தான். வெளியிடத்தில் ஒட்டியவற்றின் மேல் வேறு யாராவது தங்கள் கோட் ஸ்டிக்கரை ஒட்டிவிடலாம் என்பதால், கடை திறக்கும்போது விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, மாதத்துக்கு ஒரு முறை திரும்பவும் ஸ்கேன் பண்ணுங்கள்.