"பொருள் வரவில்லை" என்று சார்ஜ்பேக் வந்தால்: என்ன நடக்கிறது, என்ன ஆதாரம் வேண்டும், எப்படிப் பதில் எழுதுவது

கும்பகோணம் பக்கத்து நாச்சியார்கோவிலில் வார்க்கும் பித்தளைக் குத்துவிளக்குகளை வாங்கி ஆன்லைனில் விற்கிறேன். ஒரு மே மாதம் 19ஆம் தேதி, வாங்குபவர்களின் கார்டுப் பணத்தை வாங்கி எனக்கு அனுப்பும் பேமெண்ட் கேட்வேயிலிருந்து மெயில் வந்தது. மார்ச்சில் பெங்களூருக்கு அனுப்பிய 11,800 ரூபாய் விளக்கு தனக்கு வரவே இல்லை என்று வாங்கியவர் அவருடைய வங்கியில் சொல்லியிருக்கிறார், 26ஆம் தேதிக்குள் ஆதாரம் கொடுங்கள் என்றது மெயில். அந்த வாரச் செட்டில்மென்டைப் பார்த்தால் 11,800ஐ அதற்குள் பிடித்தே விட்டிருந்தார்கள், கூடவே ஒரு டிஸ்ப்யூட் கட்டணமும்.

இந்தப் பணம் எனக்குத் திரும்ப வந்தது. அதற்கு முந்தைய வருடம் வந்த ஒன்றில் தோற்றேன். இரண்டையும் வைத்தே சொல்கிறேன்.

முதலில், பணம் எந்த வழியாகப் போகிறது

ரீஃபண்ட் என்பது நாம் கொடுப்பது. சார்ஜ்பேக்கில் நம்மை யாரும் கேட்பதில்லை. வாங்கியவர் தன் கார்டு கொடுத்த வங்கியிடம் புகார் சொல்கிறார், அந்த வங்கி விசா, மாஸ்டர்கார்டு மாதிரியான நெட்வொர்க் வழியாக நம் பக்கத்து வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்ப எடுக்கிறது, நம் பக்கத்து வங்கி கேட்வேயிடம் எடுக்கிறது, கேட்வே நம்மிடம் எடுக்கிறது. நம் பதிலும் இதே சங்கிலியில்தான் மேலே போக வேண்டும். கடைசியில் அதைப் படிப்பவர் வாங்கியவருடைய வங்கியில் இருக்கும் ஒரு ஊழியர். நம் கடையை அவர் கேள்விப்பட்டதில்லை, நாம் நல்லவர் என்பதும் அவருக்குத் தெரியாது. கையில் இருப்பது நாம் அனுப்பும் நாலு பக்கம்தான்.

வாங்கியவருக்குக் கால அவகாசம் தாராளம். பெரும்பாலான காரணங்களுக்கு 120 நாள், அதுவும் பொருள் வராத விஷயத்தில் எதிர்பார்த்த டெலிவரி தேதியிலிருந்து எண்ணுவார்கள். நமக்கு? நெட்வொர்க் வங்கிகளுக்குக் கொடுக்கும் நாட்கள் ஒவ்வொரு கையாக மாறி வரும்போது தேய்ந்து, எனக்கு வந்து சேர்ந்தது ஏழு நாள். மெயிலைப் பார்க்காமல் விட்டால் ஒப்புக்கொண்டதாகவே அர்த்தம்.

படி 1: காரணக் குறியீட்டைப் பாருங்கள்

கேட்வேயின் டாஷ்போர்டில் டிஸ்ப்யூட்டைத் திறந்தால் ஒரு எண் இருக்கும். விசா கார்டு என்றால் 13.1 என்பது பொருள் வரவில்லை, 13.3 என்பது சொன்ன மாதிரி இல்லை அல்லது பழுது, 10.4 என்பது "இந்த ஆர்டரை நான் போடவே இல்லை, யாரோ என் கார்டைப் பயன்படுத்திவிட்டார்கள்". மாஸ்டர்கார்டில் எண்கள் வேறு, விஷயம் கிட்டத்தட்ட அதேதான். எண் புரியவில்லை என்றால் கேட்வே சப்போர்ட்டில் கேளுங்கள், அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

நான் தோற்றது இதில்தான். வெளிநாட்டுக் கார்டில் இரண்டு விளக்கு ஆர்டர் வந்தது, டெலிவரி சென்னை முகவரிக்கு. பிறகு 10.4 வந்தது. நான் கூரியர் ரசீது, கையெழுத்து, டிராக்கிங் எல்லாவற்றையும் அழகாக அடுக்கி அனுப்பினேன். தோல்வி. இப்போது யோசித்தால் வங்கி சொன்னது நியாயம்தான். ஒரு பெட்டி ஒரு வாசலுக்குப் போனது என்று நிரூபித்தேன், ஆர்டர் போட்டது கார்டுக்காரர்தான் என்று நிரூபிக்கவில்லை. கேள்வி ஒன்று, பதில் வேறொன்று.

இங்கே ஓ.டி.பி. விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இதில் குழப்பம். இந்தியக் கார்டுகளுக்கு ஆன்லைனில் ஓ.டி.பி. மாதிரி இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009இலேயே கட்டாயமாக்கியது. அப்படிச் சரிபார்த்த பணம் என்றால், "நான் போடவில்லை" என்ற புகாரின் நஷ்டம் பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கியின் தலையில் விழும். வெளிநாட்டுக் கார்டில் அந்தப் படி இல்லாமலே பணம் வந்துவிடலாம், எனக்கு அப்படித்தான் வந்தது. ஆனால் 13.1க்கு ஓ.டி.பி. ஒரு பாதுகாப்பும் இல்லை. அவர்தான் பணம் கட்டினார் என்று யாரும் மறுக்கவில்லையே, பொருள் வரவில்லை என்றுதானே சொல்கிறார்.

படி 2: தனியாகப் பணம் திருப்பாதீர்கள்

சார்ஜ்பேக் மெயில் வந்த பதற்றத்தில் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, ஜிபேயில் பணத்தை அனுப்பிவிட்டு, "கேஸை வாபஸ் வாங்கிக்கோங்க" என்பவர்கள் உண்டு. அவர் வாபஸ் வாங்கவில்லை என்றால் பணம் இரண்டு தடவை போகும். தப்பு நம்முடையது என்றால் டாஷ்போர்டிலேயே ஒப்புக்கொள்ளும் பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள், பணம் அந்த வழியாகவே போகட்டும். புகாருக்கு முன்பே ரீஃபண்ட் கொடுத்திருந்தால் கேட்வேயிடம் அந்த ரீஃபண்டின் `ARN` எண்ணைக் கேட்டு வாங்கி, அதை ஆதாரமாகக் கொடுங்கள். 23 இலக்கம் இருக்கும், வங்கி அதை வைத்துத் தேடிக்கொள்ளும்.

வாடிக்கையாளரிடம் பேசுவது தப்பில்லை. சில சமயம் உண்மையிலேயே மறதிதான். அவர் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னால் அதை மெயிலில் எழுதி வாங்குங்கள், ஆனாலும் கெடுவுக்குள் உங்கள் ஆதாரத்தை அனுப்பியே விடுங்கள்.

படி 3: ஆதாரம் எடுப்பது

பெங்களூர் விளக்குக்கு என்னிடம் என்ன இருந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

ஆர்டர் மார்ச் 3. முகவரி, போன் எண், மெயில் மூன்றும் உள்ள ஆர்டர் பக்கமும் இன்வாய்ஸும். மார்ச் 4 கூரியர் ரசீது, அதில் எடை 4.6 கிலோ. நான் பேக் செய்யும்போது தராசில் பெட்டியை வைத்து, முகவரி ஸ்டிக்கரும் எடையும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி போட்டோ எடுப்பேன், அதிலும் 4.6. காலிப் பெட்டி வந்தது என்று யாராவது சொன்னால்தான் இது முக்கியம், ஆனாலும் கையோடு இருக்கட்டும்.

மார்ச் 7 டெலிவரி. இங்கேதான் சிக்கல். கூரியரின் டெலிவரிச் சீட்டில் இருந்தது அப்பார்ட்மென்ட் செக்யூரிட்டியின் கையெழுத்து. வாங்கியவர் பெயர் எங்கும் இல்லை. இதை மட்டும் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது.

என்னைக் காப்பாற்றியது மார்ச் 9 இரவு வந்த ஒரு வாட்ஸ்அப். குத்துவிளக்கு பாகம் பாகமாகத்தான் போகும், அடிப்பாகம், தண்டு, தட்டு, உச்சியில் அன்னம் என்று. ஒன்றுக்குள் ஒன்று திருகிச் சேர்க்க வேண்டும். "தண்டு லேசா ஆடுது, எப்படி இறுக்கணும்?" என்று கேட்டு, விளக்கின் படத்தையும் அனுப்பியிருந்தார். வராத விளக்கின் தண்டு ஆடாது.

அந்த உரையாடலைச் சும்மா ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் போதாது. எண்ணை நீங்கள் சேமித்து வைத்திருந்தால் மேலே பெயர் மட்டும்தான் தெரியும், அது யார் என்று வங்கிக்கு எப்படித் தெரியும்? அந்தத் தொடர்பின் விவரப் பக்கத்தைத் திறந்து, எண் தெரிகிற மாதிரி இன்னொரு படம் எடுங்கள். ஆர்டரில் உள்ள எண்ணும் இதுவும் ஒன்று என்று அருகருகே வையுங்கள். அன்றைக்கே எடுத்த படத்தில் தேதிக்குப் பதில் "இன்று" என்றுதான் இருக்கும், அதனால் சாட்டை எக்ஸ்போர்ட் செய்து தேதி, நேரம் உள்ள வரிகளையும் சேர்த்தேன். செய்தி தமிழில் இருந்ததால் கீழே ஆங்கில மொழிபெயர்ப்பு.

படி 4: பதில் கடிதம், ஒரு பக்கம்

கோபம் வேண்டாம், "பத்து வருஷமா நேர்மையா வியாபாரம் பண்றோம்" வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதினேன், சாரம் இவ்வளவுதான்:

"காரணம் 13.1, பொருள் பெறவில்லை. மார்ச் 3 ஆர்டர், மார்ச் 7 அன்று ஆர்டரில் கொடுத்த முகவரியிலேயே டெலிவரி (இணைப்பு 2). மார்ச் 9 அன்று, ஆர்டரில் உள்ள அதே போன் எண்ணிலிருந்து, பெற்ற பொருளின் படத்தோடு, அதைப் பொருத்துவது எப்படி என்று கேட்டார் (இணைப்பு 3). பொருள் வரவில்லை என்று புகாருக்கு முன் எங்களிடம் சொன்னதில்லை."

பிறகு எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி, ஒவ்வொரு படத்திலும் முக்கியமான வரியைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் போட்டேன். டிராக்கிங் லிங்க் மட்டும் கொடுக்காதீர்கள், வங்கியில் யாரும் அதைத் தட்டிப் பார்க்கப்போவதில்லை. வீடியோவும் அப்படித்தான், அதிலிருந்து ஒரு காட்சியைப் படமாக எடுத்து வையுங்கள். கோப்பின் அளவுக்கும் வரம்பு உண்டு. ஸ்ட்ரைப் என்ற கேட்வேயில் எல்லாம் சேர்த்து 4.5 எம்.பி.தான், போனில் எடுத்த இரண்டு படத்திலேயே அது நிறைந்துவிடும். அனுப்புமுன் சுருக்கிவிட்டு, எழுத்து படிக்க முடிகிறதா என்று ஒரு தடவை திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரே தடவைதான் அனுப்ப முடியும், "அப்புறம் சேர்த்துக்கலாம்" கிடையாது.

படி 5: காத்திருப்பது

எனக்கு ஜூலையில் முடிவு வந்தது. 11,800 அடுத்த செட்டில்மென்டில் சேர்ந்தது, டிஸ்ப்யூட் கட்டணம் சேரவில்லை. ஜெயித்த பிறகும் வாங்கியவரின் வங்கி மறுபடி எதிர்க்கலாம், அது மேலே மேலே போய் நெட்வொர்க்கின் நடுவர் தீர்ப்பு வரை போனால் தோற்பவர் கட்ட வேண்டிய கட்டணமே பல நூறு டாலர். ஒரு விளக்குக்காக அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன்.

இப்போது என்ன செய்கிறேன்

ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு ஃபோல்டர், அனுப்பும் அன்றே:

```
0304-order1187/
  1-order-invoice.pdf
  2-pack-weight.jpg
  3-courier-receipt.jpg
  4-delivery-proof.pdf
  5-chat.txt
```

நாலாவதுதான் எல்லோரும் விடுவது. டெலிவரி ஆன மறுநாளே டிராக்கிங் பக்கத்தை பி.டி.எஃப். ஆகச் சேமித்துவிடுங்கள், சார்ஜ்பேக் வரும் நேரத்தில் கூரியர் தளத்தில் பழைய விவரம் இல்லாமல் போயிருக்கலாம். ஃபோல்டரை ஒன்றரை வருடம் வைத்திருக்கிறேன். கார்டு எண், சி.வி.வி. எதையும் வாங்கி வைக்காதீர்கள், அது தேவையும் இல்லை, அனுமதியும் இல்லை. டாஷ்போர்டில் தெரியும் கடைசி நான்கு இலக்கமே போதும்.

டெலிவரியான இரண்டாம் நாள் எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்புகிறேன்: "விளக்கைப் பொருத்தியாச்சா? திருகு சரியா உக்காந்துச்சா?" பாதிப்பேர் படம் அனுப்பிவிடுகிறார்கள்.

வெளிநாட்டுக் கார்டில், புது ஆளிடமிருந்து பெரிய ஆர்டர் வந்தால் மட்டும் பேக் செய்வதற்கு முன் டாஷ்போர்டில் `3DS` சரிபார்ப்பு, அதாவது ஓ.டி.பி. மாதிரியான அந்த இரண்டாவது படி, நடந்ததா என்று பார்க்கிறேன். நடக்கவில்லை என்றால் போன் செய்து பேசுகிறேன், பேச்சு திருப்தியாக இல்லையென்றால் ரீஃபண்ட் கொடுத்துவிட்டு விளக்கை ஷெல்ஃபிலேயே வைத்துவிடுகிறேன்.