இலையுதிர்ந்த மரத்தை நெற்றைக் கொண்டு அறிதல்: வாகை மரத்தை முன்வைத்து ஒரு செய்முறை விளக்கம்

மாசி, பங்குனி மாதங்களில் தமிழ்நாட்டின் சாலையோரங்களில் பல மரங்கள் இலையும் பூவும் இல்லாமல் நிற்கின்றன. மர அடையாள நூல்களில் பெரும்பாலானவை இலையிலிருந்தே தொடங்குவதால், புதிதாகக் கற்பவர்கள் இந்தப் பருவத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். அவரைக் குடும்பத்து மரங்களுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. அவற்றின் முற்றிக் காய்ந்த நெற்றுகள் மாதக்கணக்கில் கிளையிலேயே தொங்குவது வழக்கம். இலையைவிடத் தெளிவாக இனத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் பல, நெற்றிலும் விதையிலும் உண்டு. வைக்கோல் நிறத்தில் தட்டையான நெற்றுகள் நிறையத் தொங்கும் ஒரு மரத்தை எடுத்துக்கொண்டு, அதன் பெயரை எப்படி உறுதி செய்வது என்று பார்ப்போம்.

தேவையானவை: சிறு கத்தி, அளவுகோல், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சிறிது தண்ணீர், ஒரு வெள்ளைத் தாள்.

முதல் படி: நெற்று அந்த மரத்தினுடையதுதானா?

தரையில் கிடப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு முடிவுக்கு வரக்கூடாது. சாலையோரத்தில் பல இன மரங்கள் அடுத்தடுத்து நிற்கும். காற்றும் ஆடுமாடுகளும் நெற்றுகளை இடம் மாற்றிவிடும். கிளையில் தொங்கும் நெற்று ஒன்றின் காம்பைக் கண்ணால் தொடர்ந்து சென்று, அது மரத்தின் சுள்ளியில்தான் முடிகிறது, மரத்தின்மேல் படர்ந்து காய்ந்த கொடியில் அல்ல என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு அதே வகை நெற்றுகளைத் தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பொறுக்குங்கள். சூம்பியவற்றையும் உடைந்தவற்றையும் அளவெடுக்கப் பயன்படுத்த வேண்டாம்.

இரண்டாம் படி: இது அவரைக் குடும்பத்து நெற்றா?

நீளமாகத் தொங்கும் காயெல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாகிவிடாது. முருங்கை நெற்று மூன்று பிளவாகத் திறக்கும். மரமல்லியின் தட்டையான காயிலோ மெல்லிய சிறகுள்ள விதைகள் இருக்கும். ஐயம் தீர, நெற்றின் ஓர் ஓரத்தில் கத்தியை நுழைத்து இரு மடல்களாகப் பிரியுங்கள். விதைகள் அனைத்தும் ஒரே ஓரத்தில்தான், சிறு இழைபோன்ற காம்புகளால் ஒட்டியிருக்க வேண்டும். எதிர் ஓரத்தில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஒன்று இடப்பக்க மடலிலும் அடுத்தது வலப்பக்க மடலிலுமாக அவை மாறி மாறி நிற்பதையும் காணலாம். இந்த அமைப்பு இருந்தால் குடும்பம் உறுதியாகிவிடுகிறது.

மூன்றாம் படி: நெற்றின் உடலமைப்பு

சில மரங்கள் இந்தப் படியிலேயே பெயர் சொல்லிவிடும். கறுத்த உருளையாக இருந்து, உள்ளே குறுக்குத் தட்டுகளால் அறை அறையாகப் பிரிந்திருந்தால் அது சரக்கொன்றை. வட்டமான சிறகின் நடுவில் விதை இருந்தால் வேங்கை. விதைக்கு விதை இடுங்கி, கோத்த மணிமாலைபோல் இருந்தால் கருவேலம். கருத்துத் தடித்து, உடைத்தால் இனிப்பு மணமுள்ள பிசுபிசுப்பான சதை தென்பட்டால் தூங்குமூஞ்சி.

நம் கையிலிருக்கும் நெற்று இவற்றுள் எதுவுமில்லை. அது தாள்போல் மெல்லியது. இளமஞ்சள் நிறம், நல்ல பளபளப்பு. ஓரங்கள் சற்றுத் தடித்தவை. விதையிருக்கும் இடங்கள் மட்டும் புடைத்துத் தெரிகின்றன. நீளம் 22 செ.மீ., அகலம் 4 செ.மீ., விதைகள் ஒன்பது. குலுக்கினால் விதைகள் உள்ளே அசைந்து ஒலிக்கின்றன. குறுந்தொகையின் 7ஆம் பாடல், காற்று மோத ஒலிக்கும் வாகையின் வெண்ணெற்றைப் பேசுகிறது. வெளிறிய நிறமும் ஒலியுமாகிய அந்த இரண்டும் இன்றைக்கும் தொலைவிலிருந்தே வாகையை ஐயுறுவதற்கான முதல் அடையாளங்கள். ஆனால் ஐயுறுவதற்கு மட்டுமே. முடிவுக்கு விதையைப் பார்த்தாக வேண்டும்.

நான்காம் படி: விதையிலுள்ள கோடு

இந்தச் செய்முறையின் உயிர்நாடி இதுதான். வண்டு துளைக்காத, நன்கு முற்றிய விதை ஒன்றைத் தேர்ந்து, தண்ணீரில் நனைத்துத் துடைத்து, வெள்ளைத் தாளின்மேல் வைத்து, பக்கவாட்டிலிருந்து ஒளி படும்படி திருப்பி லென்ஸால் பாருங்கள். தட்டையான இரு முகங்களிலும் விளிம்பை ஒட்டியே ஓடும் நுண்ணிய கோடு ஒன்று, குதிரை லாடத்தின் வடிவில் தெரியும். அதன் திறந்த வாய், விதை காம்பில் ஒட்டியிருந்த தழும்பின் பக்கம் நோக்கியிருக்கும்.

வாகை, தூங்குமூஞ்சி, சுபாபுல் ஆகியவை அடங்கிய தொட்டாச்சிணுங்கிக் கூட்டத்து மரங்களின் விதைகளில் இக்கோடு பொதுவாகக் காணப்படும். கருவேலத்தில் அது ஏறக்குறைய மூடிய வட்டமாகவே ஆகிவிடுகிறது. புங்கம், வேங்கை, கல்யாண முருங்கை போன்ற, அவரைப்பூ வடிவில் பூக்கும் மரங்களின் விதையில் இக்கோடு இருப்பதில்லை. ஆகவே கோடு தெரிந்த அளவிலேயே குடும்பத்தின் பெரும்பகுதி தேடலிலிருந்து விலகிவிடுகிறது. கீறலைக் கோடு என்று எண்ணிவிடாமலிருக்க, குறைந்தது ஐந்து விதைகளின் இரு முகங்களையும் பார்க்க வேண்டும். கீறல் விதைக்கு விதை இடம் மாறும், கோடு மாறாது.

நம் விதை பழுப்பு நிறம், தட்டை, ஏறக்குறைய 9 மி.மீ. நீளம், லாடக் கோடு எல்லாவற்றிலும் தெரிகிறது.

ஐந்தாம் படி: ஒத்த தோற்றமுள்ளவற்றை விலக்குதல்

மூன்று மரங்களோடு ஒப்பிட்டால் போதும். குல்மோகர் நெற்றும் தட்டையானதுதான். ஆனால் அது மரக்கட்டைபோல் உறுதியானது, கையால் வளைக்க இயலாது, நீளம் 30 செ.மீ.க்கும் மேல் போகும். நீண்டு உருண்ட விதைகள் குறுக்காக, ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் கிடக்கும். சுபாபுல் நெற்று மெல்லியதே. ஆனால் ஒரே காம்பின் முனையிலிருந்து பல நெற்றுகள் கொத்தாகத் தொங்கும், அகலம் 2 செ.மீ.யைத் தாண்டுவது அரிது, விதைகளும் சிறியவை. எனவே கொத்தையும் அகலத்தையும் பார்த்தாலே அதை விலக்கிவிடலாம்.

மூன்றாவதான கருவாகைதான் கடினமானது. அதுவும் வாகையின் பேரினத்தைச் சேர்ந்தது. விதையில் அதே கோடு உண்டு, நெற்றும் தட்டை. வேறுபாடு இரண்டு: அதன் நெற்று செம்பழுப்பிலிருந்து கரும்பழுப்பு வரையான நிறமுடையது, அகலம் பெரும்பாலும் 2 முதல் 3.5 செ.மீ.க்குள் நிற்கும். வாகை நெற்று 3 முதல் 6 செ.மீ. வரை அகலமுடையது. நாம் அளந்த ஐந்து நெற்றுகளும் 4 செ.மீ.யை ஒட்டியே இருக்கின்றன, நிறமும் வைக்கோல் நிறம். ஆகவே இது வாகை.

அகலம் 3 செ.மீ.க்கும் 3.5 செ.மீ.க்கும் இடையில் விழுந்தால் நிறத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கும். அப்போது ஓர் எச்சரிக்கை தேவை. பழைய நெற்று மழையிலும் வெயிலிலும் கிடந்து சாம்பல் நிறமாகிவிட்டால் இரு மரங்களின் நெற்றுகளும் ஒன்றுபோலவே தோன்றும். அத்தகைய நெற்றை மட்டும் வைத்து இனப்பெயர் எழுதக்கூடாது. குறிப்பேட்டில் "வாகைப் பேரினம், இனம் உறுதியாகவில்லை" என்று எழுதி, மரம் நிற்கும் இடத்தையும் தேதியையும் நெற்றின் அளவுகளையும் சேர்த்து, ஐந்தாறு விதைகளைத் தாளுறையில் இட்டு எண்ணிட்டு வையுங்கள். சித்திரையில் தளிர் விட்டபின் அதே மரத்தின் இலையோடு ஒப்பிட்டு இனப்பெயரை நிரப்பலாம்.