தபாலாபீஸ் பாஸ்புக்கில் மார்ச் 31 வட்டியைச் சரிபார்ப்பது எப்படி?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் பால் ஊற்றுகிறவர்கள் பலர் தபாலாபீஸ் சேமிப்புக் கணக்கில் பணம் போட்டு வைக்கிறார்கள். ஏப்ரலில் பாஸ்புக்கைப் பதியக் கொடுத்தால் மார்ச் 31 தேதியிட்டு வட்டி வரவு ஒன்று இருக்கும். "முப்பத்திரண்டாயிரம் கிடக்குது, நாலு சதவீதம்னா 1,280 வரணுமே, 1,110தானே வந்திருக்கு?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். வட்டி சரியாகத்தான் வந்திருந்தது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் விதி. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் அந்த மாத வட்டி. பேங்கில் தினசரி இருப்புக்குக் கணக்கிடுவார்கள், இங்கே அப்படி இல்லை. வருஷம் முழுக்கச் சேர்ந்த வட்டி ஒரே வரவாக மார்ச் 31 அன்று ஏறும்.

இனி பாஸ்புக்கை எடுத்து, மாதம் ஒரு வரியாக அந்தக் குறைந்த தொகையை ஒரு தாளில் எழுதுங்கள். அக்கா கணக்கில் ஏப்ரல் தொடக்கத்தில் 20,000 இருந்தது. ஜூன் 11 அன்று 12,000 போட்டார். 10ஆம் தேதி முடிவில் 20,000தான் இருந்ததால் ஜூனுக்கும் 20,000தான். ஆக ஏப்ரல், மே, ஜூன் மூன்றும் சேர்ந்து 60,000. ஜூலை முதல் செப்டம்பர் வரை 32,000 வீதம் 96,000. அக்டோபர் 28இல் மாட்டுத் தீவனத்துக்காக 15,000 எடுத்தார். மாதக் கடைசியில் நான்கு நாளுக்குத்தான் குறைந்தது என்றாலும் அந்த மாதம் முழுவதற்கும் 17,000தான் கணக்கு. நவம்பர் 3இல் திருப்பிப் போட்டுவிட்டதால் நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து மாதமும் 32,000 வீதம் 1,60,000.

எல்லாவற்றையும் கூட்டினால் 3,33,000. இதை 300ஆல் வகுங்கள்: 1,110. வருஷத்துக்கு 4 சதவீதம் என்றால் மாதத்துக்கு முந்நூறில் ஒரு பங்கு, அதனால்தான் 300. வட்டி விகிதம் மாறினால் இந்த எண்ணும் மாறும்.

ஜூனில் ஒரே ஒரு நாள் முன்னால், 10ஆம் தேதியே போட்டிருந்தால் 40 ரூபாய் கூடுதல். தீவனக்காரர் நவம்பர் 1 வரை பொறுத்திருந்தால் இன்னும் 50 ரூபாய். 10ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக வந்தால் சனிக்கிழமையே கட்டிவிடுங்கள்.

ஏதாவது ஒரு மாதம் அந்தக் குறைந்த தொகை 500க்குக் கீழே போயிருந்தால் அந்த மாதத்துக்கு வட்டியே கிடையாது, தாளில் பூஜ்யம் போடுங்கள். மார்ச் 31 அன்றே 500க்குக் கீழே இருந்தால் 50 ரூபாய் பிடித்தம் ஒன்றும் தெரியும்.

ஆர்.டி. புத்தகத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் காலாண்டுக் கூட்டு வட்டி. மாதத்தில் 15ஆம் தேதிக்குள் தொடங்கிய கணக்கென்றால் தவணையையும் 15க்குள் கட்ட வேண்டும். தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம்.